முன்பதிவு மேசைக்கான தொலைபேசிப் பயிற்சித் தாளில் என்ன இருக்க வேண்டும்?

"எங்கள் விடுதியின் முன்பதிவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தொலைபேசிப் பயிற்சித் தாள் தயாரிக்கிறேன். வணக்கம் சொல்வது முதல் அழைப்பை முடிப்பது வரை எந்த வாக்கியங்களை எழுதித் தர வேண்டும்?"

தொடக்கத்துக்கு "வணக்கம்", விடுதியின் பெயர், பேசுபவரின் பெயர் ஆகியவையே போதும்.

காத்திருக்க வைக்கும் இடத்தில் பல அழைப்புகள் கெடுகின்றன. "ஒரு நிமிடம்" என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்துவதற்குப் பதிலாக, "அந்தத் தேதிகளில் அறை உள்ளதா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும், இணைப்பில் காத்திருக்கிறீர்களா, நானே திரும்ப அழைக்கட்டுமா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே அழுத்த வேண்டும். தேடல் முடியாவிட்டாலும் சொன்ன நேரத்துக்குள் திரும்பி வந்து, "காத்திருந்ததற்கு நன்றி, இன்னும் சற்று நேரம் தேவைப்படுகிறது" என்று தெரிவிக்க வேண்டும்.

அழைப்பை மாற்றும்போது, எடுத்துக்காட்டாக ஒருவர் ரத்து செய்த அறைக்கான பணத்தைக் கேட்டால், "இதைக் கணக்குப் பிரிவுதான் பார்க்கிறது, உங்கள் விவரத்தை அவர்களிடம் சொல்லிவிட்டு இணைக்கிறேன்" என்று கூறி, முன்பதிவு எண்ணையும் கோரிக்கையையும் சக ஊழியரிடம் சொன்ன பின்பே இணைக்க வேண்டும். அங்கே யாரும் எடுக்காவிட்டால் அழைப்பைத் திரும்பப் பெற்று, செய்தி குறித்துக்கொள்ள வேண்டும்.

முடிக்கும்போது "12 முதல் 14 வரை" என்று மட்டும் சொன்னால் 14ஆம் தேதி இரவும் சேருமா என்ற குழப்பம் வரும். ஆகவே, "12ஆம் தேதி வருகை, இரண்டு இரவுகள், 14ஆம் தேதி காலை அறையைக் காலி செய்கிறீர்கள், சரிதானே?" என்று கிழமையோடு வாசித்துக் காட்டிவிட்டு, அழைத்தவர் இணைப்பைத் துண்டித்த பிறகே நாம் துண்டிக்க வேண்டும்.