விரலில் தண்ணீர், முகத்தில் பிசுபிசுப்பு

"எனக்கு நெற்றியும் மூக்கும் காலை பதினோரு மணிக்கே எண்ணெய் வழியும். ஆபீஸ் ஏசியில் கன்னம் மட்டும் இழுக்கும். வாட்டர் ஜெல் ஒன்று வாங்கினேன். தொட்டால் தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் மதியத்துக்குள் பிசுபிசுக்கிறது. மேலே சன்ஸ்கிரீன் தேய்த்தால் அழிரப்பர் தூள் மாதிரி உருண்டு வருகிறது. நிஜமாகவே லேசானது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஜெல் கிரீம் வாங்கலாமா?"
– ஒரு வாசகி, சென்னை

கடையில் விரலில் தொட்டு முடிவு செய்வதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வீட்டில் இருக்கும் ஜெல்லில் ஒரு பொட்டு எடுத்துத் தட்டில் வைத்து, ஒரு சிட்டிகை தூள் உப்பு தூவிக் கிளறிப் பாருங்கள். தண்ணீரைக் கெட்டியாக்கும் கார்போமர் போட்டுச் செய்த ஜெல்லாக இருந்தால் கட்டு விட்டுப்போய்த் தண்ணீராக ஓடும். முகத்திலும் இதுவேதான் நடக்கிறது. தோலில் உள்ள வியர்வை உப்பு பட்டதும் கார்போமர் பிடித்து வைத்திருந்த தண்ணீர் விடுபடுகிறது. அந்தக் குளிர்ச்சியைத்தான் நாம் 'லேசு' என்கிறோம். அந்தத் தண்ணீர் சில நிமிடத்தில் ஆவியாகிவிடும். எடை என்பது அதற்குப் பிறகு தோலில் தங்குவது.

தங்குவது என்ன என்று பார்க்க ஒரு கண்ணாடித் துண்டு போதும். பழைய கைக்கண்ணாடியில் மெல்லியதாகப் பூசி, மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். விரல் ஒட்டினால் கிளிசரின் அதிகம். கிளிசரின் ஆவியாகாது, காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், அதனால் சென்னைப் புழுக்கத்தில் அது காய்வதே இல்லை. பட்டுப்போல வழுக்கினால் டைமெத்திகோன் வகை சிலிக்கோன். (இதை எண்ணெயாகக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் 'ஆயில் ஃப்ரீ' என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கலாம்.) தேய்த்ததும் திரிதிரியாக உருண்டால், உங்கள் அழிரப்பர் தூள் வருவது அந்தப் படலத்திலிருந்துதான்.

அடுத்தது முகத்திலேயே ஒரு சோதனை. ஒரு விடுமுறை நாளில் முகம் கழுவித் துடைத்து, வலது பாதியில் மட்டும் அரைப் பட்டாணி அளவு பூசுங்கள். இடது பாதி சும்மா இருக்கட்டும். 20 நிமிடம் கழித்து இரண்டு பக்கமும் டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுங்கள். அதற்குள் தோலின் சொந்த எண்ணெய் அதிகம் சுரந்திருக்காது, ஆகவே வலது பக்கம் கூடுதலாகத் தெரியும் கறை ஜெல்லுடையது. நான்கு மணி நேரம் கழித்து மறுபடி ஒற்றுங்கள். நெற்றியில் இரண்டு பக்கமும் ஒரே அளவு கறை என்றால் அது உங்கள் எண்ணெய். எந்த மாய்ஸ்சரைசரை மாற்றினாலும் அது போகாது. வலது பக்கம் மட்டும் அதிகம் என்றால் டப்பாவை மாற்ற வேண்டியதுதான். கன்னத்தையும் கவனியுங்கள். வலது கன்னமும் இடதைப் போலவே இழுத்தால் அந்த ஜெல் லேசு என்பதைவிட வெறும் தண்ணீர் என்பதே பொருத்தம்.

லேபிளில் ஒரு மைல்கல் மட்டும் பார்த்தால் போதும். பொருள்களை அளவு கூடியதிலிருந்து குறைந்ததற்கு வரிசைப்படுத்தி எழுதுவார்கள். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எப்படியும் மாற்றிப் போடலாம். ஃபீனாக்ஸி எத்தனால் என்ற பதப்படுத்தியை ஐரோப்பிய விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க முடியாது. அதற்குப் பிறகு வரும் பெயர்கள் எல்லாம் அந்த அளவுக்குள்தான். முகப்பில் பெரிதாகப் போட்ட ஹயாலுரோனிக் அமிலம் அங்கே இருக்கலாம். முகத்தில் நீங்கள் உணர்வது பெரும்பாலும் தண்ணீரை அடுத்து வரும் மூன்று நான்கு பெயர்களைத்தான்.

சரி, ஜெல் கிரீம்? அது கொஞ்சம் எண்ணெயைத் தண்ணீருக்குள் நுண்துளிகளாக நிறுத்திய கலவை. பால் நிறமாக இருப்பது அதனால்தான். உங்கள் கன்னத்துக்கு அது தேவை, நெற்றிக்குத் தேவையில்லை. நானாக இருந்தால் இரவில் கன்னத்துக்கு மட்டும் ஜெல் கிரீம் போடுவேன். காலையில் சன்ஸ்கிரீனே கிரீம் பதத்தில் இருந்தால் நெற்றி, மூக்குக்கு மாய்ஸ்சரைசரே வேண்டாம், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். கன்னத்துக்கு வேண்டுமென்றால் அரைப் பட்டாணி பூசி, பத்து நிமிடம் காயவிட்டு, அப்புறம் சன்ஸ்கிரீனைத் தேய்க்காமல் ஒற்றிப் பரப்புங்கள். அப்படியும் உருண்டால் அந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை, ஒன்றை மாற்றுங்கள். சன்ஸ்கிரீன் அளவை மட்டும் குறைக்காதீர்கள்.

மூக்கோரமும் புருவத்திலும் சிவந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு செதில் உதிர்ந்தால் அதை வறட்சி என்று நினைத்து மேலும் மேலும் பூச வேண்டாம். அது செபோரிக் டெர்மடைடிஸாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.