துணி செக்கிங்குக்கு ‘பையன்’தான் வேண்டுமா?

“திருப்பூரில் சின்ன பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். துணி செக் செய்ய க்யூசி ஆள் தேவை. ‘பையன் தேவை, வயது 22-28, திருமணமாகாதவர், டிகிரி, சரளமான ஆங்கிலம், பைக் கட்டாயம், நம்ம ஊர்க்காரராக இருந்தால் நல்லது’ என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். நிறையப் பேர் கூப்பிட்டார்கள், ஷேடு பார்க்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பையர் ஆடிட்டும் வருகிறது, இப்படிப் போடக்கூடாது என்கிறார்கள். எப்படி எழுதுவதுங்க?”

உங்கள் விளம்பரத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஷேடு என்ற வார்த்தையே அதில் இல்லை. வரப்போகிறவர் யார் என்று ஏழு விதமாகச் சொன்னீர்கள், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் வேலை தெரிந்தவருக்கு அது தன் வேலை என்றே தெரிந்திருக்காது.

முதலில் ஒரு நாள் வேலையைத் தாளில் எழுதுங்கள். சாயப்பட்டறையிலிருந்து வந்த ரோலை செக்கிங் மெஷினில் ஓடவிட்டு ஓட்டை, கறை, நூல் கோளாறைக் குறிக்கிறார். அப்ரூவல் ஆன ஷேடோடு லைட் பாக்ஸில் ஒப்பிடுகிறார். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று ஜிஎஸ்எம் எடுக்கிறார். ரிப்போர்ட் எழுதுகிறார். வாரத்தில் இரண்டு நாள் சாயப்பட்டறைக்கு நேரில் போகிறார். கடமைகள் இவ்வளவுதான்.

இப்போது ஒவ்வொன்றிடமும் கேளுங்கள்: இது தெரியாதவரை எடுத்தால், சொல்லிக் கொடுக்க எத்தனை நாள் ஆகும்? ஜிஎஸ்எம்மைப் பாருங்கள். ரவுண்டு கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி எடை போடுகிறோம். 1.8 கிராம் வந்தால் 180 ஜிஎஸ்எம். அரை மணி நேரப் பாடம். ஃபோர் பாயின்ட் முறையும் அப்படித்தான்: 3 அங்குலம் வரை உள்ள குறைக்கு 1 புள்ளி, 9 அங்குலம் தாண்டினால் 4 என்று சில நாளில் கைக்கு வந்துவிடும். இரண்டும் ‘தெரிந்திருந்தால் நல்லது’ பக்கம் போகட்டும்.

ஷேடு வேறு கதை. பகல் வெளிச்ச விளக்கில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நீலம், கடை விளக்கில் பிரிந்து நிற்கும். அதைப் பிடிக்கிற கண் பழகிப் பழகித்தான் வரும். நிறப் பார்வைக் குறை இருந்தால் பழகினாலும் சிரமம். ஆகவே இது கட்டாயம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாத குறை பரம்பரையாக வருவது ஆண்களிடம்தான் அதிகம். ‘பையன்’ என்று போட்டு அந்தக் குறை கூடுதலாக இருக்கும் பக்கமே ஆள் தேடியிருக்கிறீர்கள்!

பையன், பைக் இரண்டுக்கும் பின்னால் இருப்பது சாயப்பட்டறைக்குப் போய்வரும் வேலை என்று நினைக்கிறேன். அதை அப்படியே எழுதிவிடுங்கள். பஸ்ஸில் போவாரா, கம்பெனி வண்டியிலா என்பது அப்புறம் பேசிக்கொள்வது. பெண் என்பதற்காக வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1976 சம ஊதியச் சட்டமே சொல்லியிருந்தது, அதன் இடத்தில் வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. கல்யாணமும் வயதும் எந்தக் கடமையிலும் வரவில்லை, எடுத்துவிடலாம். ‘நம்ம ஊர்க்காரர்’ என்பதை நீங்கள் தூரத்தை நினைத்து எழுதியிருக்கலாம். நம் பக்கத்தில் படிப்பவர் அதைச் சாதி என்றுதான் படிப்பார். தூரம்தான் கவலை என்றால் காலை எத்தனை மணிக்கு ஷிஃப்ட் என்று போடுங்கள்.

ஆங்கிலம் பாதி தேவை. பையரின் ஸ்பெக் ஷீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும், சரளமாகப் பேச வேண்டியதில்லை.

தமிழில் ஒரு வசதி உண்டு. ‘செய்பவர்’, ‘தெரிந்தவர்’ என்று ‘அர்’ போட்டு முடித்தால் ஆண், பெண் பேச்சே வராது. இப்படி எழுதலாம்:

“துணி க்யூசி தேவை. வேலை: ரோல் செக்கிங், லைட் பாக்ஸில் ஷேடு ஒப்பிடுதல், ஜிஎஸ்எம் எடுத்தல், ரிப்போர்ட் எழுதுதல், வாரம் 2 நாள் சாயப்பட்டறை சென்று வருதல் (பயணச் செலவு கம்பெனி தரும்). கட்டாயம்: ஷேடு பார்த்த அனுபவம், ஆங்கில ஸ்பெக் ஷீட் படிக்கத் தெரிதல். இருந்தால் நல்லது: ஃபோர் பாயின்ட் முறை, வடமாநிலத் தொழிலாளரோடு பேச ஹிந்தி. ஷிஃப்ட் காலை 8.30. சம்பளம்: ___”

சம்பளத்தையும் எழுதிவிடுங்கள், பாதி போன் குறையும்.

இதற்குப் பிறகுதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். விளம்பரத்தில் ‘இருந்தால் நல்லது’ என்று போட்டுவிட்டு, போனில் ‘ஹிந்தி தெரியாதா, சரி பார்க்கலாம்’ என்று வைத்துவிடுவார்கள். போன் எடுப்பவர் கையில் கட்டாயம் இரண்டை மட்டும் கொடுங்கள். இரண்டும் இருப்பவர் எல்லோரையும் கூப்பிட்டு, ஒரே ஆறு துணித் துண்டுகளை ஒரே லைட் பாக்ஸில் வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் சமமாக வந்து நின்றால், அப்போது ஹிந்தியைக் கேளுங்கள். யார் எத்தனை துண்டு சரியாகப் பிரித்தார் என்ற தாளை ஃபைலில் வையுங்கள், ஆடிட்டர் கேட்டால் அதையே நீட்டலாம்.