ஜப்பானிய மொழியில் அழைப்பை மறுப்பது

“வெள்ளிக்கிழமை சாப்பிடப் போகலாம் என்று சக ஊழியர் கூப்பிட்டார். ‘இகிமாசென்’ என்றேன், முகம் வாடிவிட்டது. எப்படிச் சொல்லியிருக்கணும்?”

‘இகிமாசென்’ என்றால் ‘வரமாட்டேன்’. வர மனமில்லை என்றே அவர் காதில் விழுந்திருக்கும். ‘இகெமாசென்’ என்றால் ‘வர இயலாது’. அதுவும் தனியாக நின்றால் கதவைச் சாத்தியதுபோல்தான்.

மறுக்கும்போது ஜப்பானியர்கள் பெரும்பாலும் வாக்கியத்தை முடிப்பதே இல்லை. “சுமிமாசென், கின்யோபி வா ச்சொத்தோ...” என்று இழுத்து நிறுத்துங்கள். ‘மன்னிக்கணும், வெள்ளிக்கிழமை கொஞ்சம்...’ அவ்வளவுதான். மீதியை அவரே புரிந்துகொள்வார், காரணம் கேட்கமாட்டார். இதில் ‘வா’ என்ற சிறு சொல் முக்கியம். அந்த நாள்தான் சரிப்படவில்லை, உங்களோடு வருவதில் தயக்கமில்லை என்ற தொனியை அதுதான் தருகிறது. குரலைத் தாழ்த்தி மெதுவாகச் சொல்லுங்கள். சட்டென்று வெட்டினால் அதே ‘ச்சொத்தோ’ எரிச்சலாகக் கேட்கும்.

அப்புறம் “மாத்தா சசொத்தே குதாசாய்”, அதாவது ‘மறுபடி கூப்பிடுங்கள்’ என்று சேருங்கள். மனம் இருந்தால் மட்டும், ஏனென்றால் நிஜமாகவே கூப்பிடுவார்.

மேலதிகாரியிடம் வெறும் ‘ச்சொத்தோ’ போதாது. “மோஷிவாகே அரிமாசென், சென்யாக்கு கா அரிமாஷித்தே...” என்பேன். ‘மன்னிக்கணும், முன்பே ஒப்புக்கொண்ட வேலை இருப்பதால்...’ இதையும் பாதியிலேயே விடணும்.

நாளைக்கு அவரைப் பார்த்தால், “கின்யோபி வா சுமிமாசென் தெஷிதா” என்று வருத்தம் சொல்லிவிடுங்கள்.