கோலாவுல ஊறவச்ச முட்டைக் கறை போகல

"பல்லு ஏன் தேய்க்கணும்னு காட்ட நாட்டுக்கோழி முட்டைய கோலாவுல ரெண்டு நாள் ஊறவச்சேன், பேஸ்ட் போட்டு தேய்ச்சும் கறை போகல, 'பிரஷ் பண்ணாலும் போகாதும்மா'ங்கிறா என் 4 வயசுப் பொண்ணு."

ரெண்டு நாள் ரொம்ப அதிகம்ங்க, கோலால இருக்கிற பாஸ்பாரிக் ஆசிட் ஓட்டோட சுண்ணாம்பை அரிச்சிடும், அப்புறம் அந்த சொரசொரப்புல கறை போய் உட்காந்துக்கும், தேய்ச்சா வராது. நாட்டு முட்டை ஓடும் பெரும்பாலும் இயல்பாவே லேசான பழுப்பு, அதனால போன கறையும் கண்ணுக்குத் தெரியாது.

வெள்ளை முட்டை ரெண்டு எடுத்து விரிசல் விடாம நல்லா வேகவச்சு, பால் இல்லாத திக்கான டீத்தண்ணி ஆறினதும் ராத்திரி அதுல போடுங்க. ஒண்ணை ஒரு மணி நேரத்துல எடுத்து பொண்ணையே தேய்க்கச் சொல்லுங்க, பட்டாணி அளவு பேஸ்ட் போதும், நடுவுல பென்சில் கோடு போட்டு ஒரு பாதிய மட்டும் தேய்க்கணும், அப்பதான் வித்தியாசம் பளிச்சுனு தெரியும். இன்னொண்ணை காலைல எடுத்து தேய்ங்க, அது லேசுல வராது. ராத்திரி தேய்க்காம தூங்கினா என்னாகும்னு கேட்டா அதைக் காட்டுங்க.

ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க, கறை வேற சொத்தை வேற. சொத்தை பண்ற கிருமிப்படலம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, இதைச் சொல்லலன்னா பல்லு வெள்ளையா இருக்கேன்னு தேய்க்க மாட்டா. அந்த முட்டைய சாப்பிடக் குடுக்காதீங்க.