ஆன்டிபயாடிக் முடிந்த பிறகு வரும் பேதி

“எங்கள் ஆத்தாவுக்கு 66 வயது. பல் பிடுங்கியதற்கு 7 நாள் கிளிண்டாமைசின் சாப்பிட்டார்கள். முடித்து ஒரு வாரத்தில் பேதி தொடங்கி, மூன்று நாளாகத் தினம் ஐந்தாறு தடவை போகிறது. லேசாகக் காய்ச்சல், அடிவயிற்று வலி. கடையில் வாங்கி லோபரமைடு கொடுக்கிறேன். வாயுத் தொல்லையும் உண்டு, பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. குடலின் நல்ல பாக்டீரியா செத்தால் திரும்பவே வராது என்று இணையத்தில் படித்தேன். உண்மையா டாக்டர்?”
– வாசகி, காரைக்குடி

முதலில் அந்த லோபரமைடை நிறுத்துங்கள். இன்றைக்கே ஆத்தாவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய உணவு. உப்பையும் நீரையும் உடம்புக்குள் இழுக்கவும் அது உதவுகிறது. ஆன்டிபயாடிக் இந்தப் பாக்டீரியாக்களைக் குறைத்துவிட்டால் செரிக்காத சத்து அப்படியே தங்கி, தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மலம் இளகும், வாயு சேரும். இந்த வகைப் பேதி பெரும்பாலும் மாத்திரை சாப்பிடும்போதே வரும், காய்ச்சல் இருக்காது, மாத்திரை முடிந்த சில நாளில் அடங்கிவிடும்.

ஆத்தாவுடையது அப்படித் தெரியவில்லை. பித்த அமிலங்களை மாற்றியமைத்து, கிளாஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியை வளரவிடாமல் தடுப்பதும் அந்த நல்ல பாக்டீரியாக்கள்தான். அவை குறைந்ததும், வித்து வடிவில் ஒடுங்கிக் கிடந்த அந்தக் கிருமி முளைத்து, நச்சைக் கக்கி, குடல் சுவரைப் புண்ணாக்குகிறது. கிளிண்டாமைசின் அதற்குப் பெயர்போன மருந்து. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல். மாத்திரை முடிந்து பல வாரம் கழித்தும் இது வரலாம். ஒரே நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போய், கூடவே காய்ச்சலோ வயிற்று வலியோ இருந்தால் காத்திருக்கக் கூடாது. லோபரமைடு குடலின் அசைவைக் கட்டிப்போட்டு, நச்சை உள்ளேயே தேக்கிவிடலாம். என்ன பேதி என்று தெரியாமல் கடையில் கேட்டு அதை வாங்கியதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டதை மருத்துவரிடம் சொல்லி, காலி அட்டையையும் காட்டுங்கள். மலத்தில் இந்தக் கிருமியின் நச்சு இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். உறுதியானால் வாய்வழி வான்கோமைசின் போன்ற மருந்து, வழக்கமாக 10 நாள். ஊசியாகப் போட்டால் இந்த மருந்து குடலுக்குள் போய்ச் சேராது. வயிறு உப்பி, பேதி திடீரென்று நின்று, ஆள் துவண்டால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அதுவரை உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுங்கள்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம். பேதிக்குப் பிறகு பால் சில நாள் ஒத்துக்கொள்ளாது, மோர் கொடுக்கலாம். இணையத்தில் படித்ததை விடுங்கள்: பெரும்பாலான பாக்டீரியாக்கள் சில வாரங்களில் மீண்டுவிடும், சில இனங்களுக்கு மாதங்கள் ஆகும்.

ஆத்தாவுக்குத் துணி மாற்றும் நீங்கள் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவுங்கள். சானிடைசருக்கு இந்த வித்துகள் சாகாது.