பிரிண்டர் நின்றதா, நிறுத்தப்பட்டதா?

கேள்வி: சார், குடியாத்தத்தில் நானும் வீட்டுக்காரரும் சின்னதாய் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். வேலூரில் 13,800 ரூபாய்க்கு இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கி 2 வருஷம் 3 மாசம் ஆகிறது. வாரண்டி ஒரு வருஷம்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, போன மாசம் 'இங்க் பேட் ஆயுள் முடிந்தது' என்று காட்டிவிட்டு நின்றுபோனது. சர்வீஸ் சென்டரில், 'போர்டோடு மாத்தணும், 5,200 ஆகும், அதுக்குப் புதுசே வாங்கிடுங்க, எக்ஸ்சேஞ்சில் 2,000 கழிக்கிறோம்' என்கிறார்கள். பஜாரில் ஒரு மெக்கானிக் தம்பி 700 ரூபாயில் ஓடவைக்கிறேன் என்கிறான். சீக்கிரம் கெட்டுப்போகிற மாதிரி செய்தே விற்கிறவர்கள் மேல் கேஸ் போட முடியாதா?

பதில்: போடலாம் அம்மா. ஆனால் 'சீக்கிரம் கெட்டுப்போகிற மாதிரி செய்தார்கள்' என்று போட்டால் தோற்பீர்கள். 'எப்போது நிற்கும் என்று தெரிந்திருந்தும் என்னிடம் சொல்லாமல் விற்றார்கள்' என்று போட்டால் வாய்ப்பு இருக்கிறது.

முதலில் மெஷினுக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள். பிரிண்டர் தன் ஹெட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் கொஞ்சம் மையை உறிஞ்சி வெளியே தள்ளும். அந்தக் கழிவு மை அடியில் இருக்கும் பஞ்சு மாதிரியான ஒரு பட்டையில் போய்த் தேங்கும். அதுதான் பேட். அது நிரம்பினால் மை வழிந்து மேசையையும் உள்ளே இருக்கும் போர்டையும் நாசம் செய்யும், அதனால் ஒரு கட்டத்தில் மெஷினை நிறுத்துவதில் நியாயம் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட மெஷின்களில் பேட் நனைந்திருக்கிறதா என்று யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சுத்தம் செய்தலுக்கும் இத்தனை புள்ளி என்று போர்டில் ஒரு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. அது குறித்த அளவைத் தொட்டதும் மெஷின் படுத்துவிடும். மெக்கானிக் தம்பி 700 ரூபாயில் செய்யப்போவது இதைத்தான். பேட்டை மாற்றிவிட்டு, கணினியில் ஒரு மென்பொருளைப் போட்டு எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குவான். போர்டில் பழுது எதுவும் இல்லை என்றால் போர்டை மாற்றவேண்டிய தேவையும் இல்லை.

கம்பெனிக்காரன் ஏன் இப்படி வைக்கிறான்? ஊரில் எல்லாக் கடையிலும் ஒரு பிரிண்டர் வந்துவிட்டால், அடுத்த பிரிண்டர் விற்பதற்குப் பழையது சாகவேண்டும், அல்லது பழையதாகத் தெரியவேண்டும். முன்பு பிரிண்டரை மலிவாகக் கொடுத்து காட்ரிட்ஜில் சம்பாதித்தார்கள். டேங்க் மாடலில் பாட்டில் மை மலிவு. மையில் போன லாபம் மெஷினில்தானே வரவேண்டும்? இது என் கணிப்பு. கோர்ட்டில் சொல்லக்கூடிய சாட்சியம் அல்ல. இதில் புதுமையும் இல்லை. 1924-ல் ஜெனீவாவில் உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் ஒன்றுகூடி, ஒரு பல்பு 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று கூட்டு வைத்துக்கொண்டன. அதைவிட அதிக நேரம் எரிகிற பல்பைச் செய்த உறுப்பினருக்கு அபராதமும் போட்டார்கள். இன்னொரு வழி, பழையது நன்றாக இருக்கும்போதே அதை அசிங்கமாக்குவது. வருஷத்துக்கு ஒரு புது மாடல் என்ற பழக்கத்தை 1920-களில் அமெரிக்க கார் கம்பெனிகள் வேரூன்றவைத்தன. இந்த இரண்டாவது வழிக்கு நம் சட்டத்தில் பரிகாரமே கிடையாது. ஆரணிப் பட்டில் இந்தத் தீபாவளிக்கு வேறு பார்டர் வந்துவிட்டது என்று போன வருஷப் புடவைக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?

ஆயுளைத் திட்டமிட்டுக் குறைப்பதையே குற்றமாக்கி பிரான்ஸ் 2015-ல் சட்டம் போட்டது. இரண்டு வருஷம் வரை ஜெயில், மூன்று லட்சம் யூரோ அபராதம். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்த விவகாரத்தில் 2020 பிப்ரவரியில் ஆப்பிள் அங்கே இரண்டரைக் கோடி யூரோ கட்டியது. அதுகூட ஆயுளைக் குறைத்ததற்காக அல்ல, வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காமல் விட்டதற்காக. கம்பெனியின் மனதில் என்ன இருந்தது என்று நிரூபிப்பது கஷ்டம். அட்டைப்பெட்டியில் என்ன இல்லை என்று காட்டுவது சுலபம்.

நமக்கும் அதே வழிதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் பிரிவு 2(47) நியாயமற்ற வணிக நடைமுறையைச் சொல்கிறது. சரியான சோதனை இல்லாமல் பொருளின் ஆயுளுக்கு உத்தரவாதம் தருவதும் அதில் அடக்கம். பிரிவு 2(11)-ன்படி, தெரிவிக்கவேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பது சேவைக் குறைபாடு. எனவே இன்று ராத்திரி நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலை, மெஷினோடு வந்த கையேட்டையும் அட்டைப்பெட்டியையும் எடுத்து வரி வரியாகப் படிப்பது. 'பேட் தேயும் பொருள், ஒரு காலத்துக்குப் பிறகு மாற்றவேண்டும்' என்று எங்கேயாவது அச்சிட்டிருந்தால், மறைத்தார்கள் என்ற வாதம் பலவீனமாகிவிடும். அப்போது, பேட் மட்டும் மாற்ற மறுத்துப் புதியதை வாங்கச் சொன்னதுதான் குறைபாடு என்று வழக்கைத் திருப்பவேண்டும். அச்சிடாமல் இருந்தால் உங்கள் கை ஓங்குகிறது.

பெட்டியில் இன்னொன்றும் இருக்கும். ஒரு கறுப்பு மை பாட்டிலுக்கு இத்தனை பக்கம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உதாரணத்துக்கு 7,500 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மெஷினின் பக்கக் கணக்கு 37,500 காட்டினால், விளம்பரக் கணக்குப்படி வெறும் ஐந்து பாட்டில் மையோடு மெஷின் முடிந்துவிட்டது. பக்கத்துக்கு இத்தனை பைசாதான் என்று சொல்லி விற்றவர்கள், ஐந்தாவது பாட்டிலோடு 13,800 ரூபாய் மெஷின் நின்றுவிடும் என்பதையும் சொல்லியிருக்கவேண்டாமா? வழக்கின் முதுகெலும்பு இந்தக் கேள்விதான். பக்கக் கணக்கு காட்டும் தாளை இப்போது அச்செடுக்க முடியாவிட்டால், மெஷினின் திரையிலோ கணினியிலோ தெரிவதைப் படம் எடுத்துவையுங்கள்.

எதிர்த்தரப்பு மூன்று இடத்தில் அடிக்கும்.

முதல் அடி, 'கடை வைத்திருக்கிறார், வணிக உபயோகம், நுகர்வோரே இல்லை.' சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிற பொருள் வணிக உபயோகம் ஆகாது என்று பிரிவு 2(7)-ன் விளக்கமே சொல்கிறது. 1995-ல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட், ஒவ்வொரு வழக்கின் உண்மை நிலவரத்தை வைத்துத்தான் இதை முடிவு செய்யவேண்டும் என்றது. நீங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து நடத்தும் கடை என்பதை மனுவிலேயே எழுதிவிடவேண்டும். பில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணோடு பில் போட்டு, அந்த வரியைக் கழித்தும் எடுத்திருந்தால் என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, 'வாரண்டி முடிந்துவிட்டது.' இலவச ரிப்பேர் கேட்டால்தான் அந்தப் பதில் பொருந்தும். நீங்கள் கேட்பது விற்கும்போது மறைத்ததற்கு. காலக்கெடு பற்றியும் பயப்படவேண்டாம். பிரிவு 69-ன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம். வாங்கிய நாளிலிருந்து என்று அவர்கள் எண்ணுவார்கள். போன மாசம் திரையில் எழுத்து வந்த நாளில்தான் எனக்கு விஷயமே தெரியும் என்பது நம் வாதம்.

மூன்றாவதுதான் கொஞ்சம் வலிக்கும். 'நீங்கள் அதிகமாகச் சுத்தம் செய்தீர்கள்' என்பார்கள். ராத்திரி கடை சாத்தும்போது பிரிண்டரின் பட்டனை அணைக்காமல் பிளக் சுவிட்சை அப்படியே தட்டிவிட்டுப் போகிற பழக்கம் நிறைய கடைகளில் உண்டு. அப்படிச் செய்தால் ஹெட் சரியாக மூடாமல் மை காயும், சுத்தம் செய்யவேண்டிவரும், எண்ணிக்கையும் ஏறும். மின்வெட்டிலும் அதே கதைதான். நீங்கள் எப்படி அணைத்தீர்கள் என்பதை உண்மையாகச் சொல்லுங்கள். பொய் சொன்னால் குறுக்கு விசாரணையில் மாட்டுவீர்கள்.

இப்போது சாட்சியம். மெக்கானிக் தம்பியை உடனே வேலை செய்யச் சொல்லாதீர்கள். முதலில் திரையில் வரும் எழுத்தை, தேதி தெரிகிற ஒரு செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து, வீடியோ எடுங்கள். சர்வீஸ் சென்டருக்கு மறுபடி போய் ஜாப் ஷீட் வாங்குங்கள். 5,200 ரூபாய், போர்டு மாற்றம் என்பது எழுத்தில் இருக்கவேண்டும். வாயால் சொன்னதை அவர்கள் நாளைக்கே மறுப்பார்கள். பிறகு மெஷினைத் திறக்கும்போது முழுதாக வீடியோ. எடுத்த பேட்டைத் தூக்கி எறியாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பக்கத்து நகைக்கடையில் எடை போட்டு, அதே மாதிரி புது பேட்டின் எடையோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டில் பாதி வறண்டிருந்தால் அது உங்களுக்குப் பெரிய பலம். முழுதும் ஊறியிருந்தால் நிறுத்தியது நியாயமே என்று நானே ஒத்துக்கொள்வேன். அப்போதும் சொல்லாமல் விட்ட குற்றச்சாட்டு நிற்கும், தொகை மட்டும் குறையும். தம்பியிடம் செய்த வேலையை விவரமாக எழுதிய பில் வாங்குங்கள். அவரே பிரமாண வாக்குமூலம் தர முன்வந்தால் நல்லது. பேட்டை மாற்றாமல் எண்ணிக்கையை மட்டும் பூஜ்யமாக்க விடாதீர்கள், மேசை முழுக்க மை வழியும்.

இவை கைக்கு வந்ததும் கம்பெனி, விற்ற கடை, சர்வீஸ் சென்டர் மூவருக்கும் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ், 15 நாள் அவகாசம். அதற்கிடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவையுங்கள். சில கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கிவந்து பேட்டை இலவசமாக மாற்றித்தருவதை நான் பார்த்திருக்கிறேன். வராவிட்டால் சத்துவாச்சாரியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனியின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்தில் வழக்குப் போட பிரிவு 34 அனுமதிக்கிறது. 5 லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஆய்வகச் சோதனை கேட்டால் அந்தச் செலவை முதலில் நீங்கள் கட்டவேண்டிவரும். 13,800 ரூபாய் மெஷினுக்கு அது கட்டுப்படியாகாது. வீடியோவும் வாக்குமூலமும் போதும் என்பது என் யோசனை. சோதனை இல்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் முயலச் சொல்கிறது. நடைமுறையில் ஒரு வருஷத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன கேட்பது? முழு விலையைக் கேட்காதீர்கள், இரண்டு வருஷம் ஓட்டிவிட்டீர்கள். பழுது நீக்கிய 700, கடை நின்ற நாட்களின் வருமானம், மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. வருமானத்துக்கு நோட்டுப் புத்தகக் கணக்கு, ஜிபே பதிவு எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். இதோடு, ஆயுளைப் பெட்டியில் அச்சிட வேண்டும் என்ற உத்தரவையும் கேட்பேன். கிடைப்பது சந்தேகம்தான், ஆனாலும் கேட்பேன். அதே பிரிண்டர் வைத்திருக்கும் கடைகள் குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் இருக்கும். அவர்களில் நாலு பேர் சேர்ந்தால், பிரிவு 17-ன்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கான புகாரை வேலூர் கலெக்டரிடமே எழுத்தில் கொடுக்கலாம்.

அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டீர்களா என்று முதலில் சொல்லுங்கள்.