கிரேஸ், இலவச நீட்டிப்பு: ஆக்டிவ் யார்?

"மன்னார்குடி பக்கம் பிராட்பேண்ட் நடத்துறோம். நிறுத்தி வைத்தவர், கட்டணக் கெடு தாண்டியும் லைன் ஓடும் கிரேஸில் இருப்பவர், புயலுக்காக 15 நாள் இலவசம் பெற்றவர், இதில் யார் ஆக்டிவ்?"

ஒரே எண்ணில் அடக்காதீங்க சார். ஒவ்வொரு கணக்குக்கும் பணம் கட்டிய காலம் முடியும் `paid_until`, லைன் ஓடுவது முடியும் `service_until` என இரண்டு தேதி வையுங்க. கிரேஸும் இலவச நாட்களும் இரண்டாவதை மட்டுமே தள்ளணும். முதலாவதில் கை வைத்தால் பணம் கட்டாதவரும் கட்டியவராகிவிடுவார். பலர் சறுக்குவது இங்கேதான்.

மாதக் கடைசியில் 1,000 கணக்கு என்று வையுங்க. கட்டிய காலம் மீதமிருப்போர் 860, கிரேஸ் 40, கட்டிய காலம் தீர்ந்து நீட்டிப்பில் ஓடுவது 70, நிறுத்தம் 30. லைன் ஓடுவது 970, கட்டணச் சந்தா 860. நிறுத்தியவர்கள் இரண்டிலும் வேண்டாம், தனி வரி.

கிரேஸ் முடிந்தும் கட்டாதவரின் விலகல் தேதி `paid_until`தான். அவர் விலகினாரா என்பது கிரேஸ் தீரும்வரை தெரியாது, அதனால் கிரேஸ் கழிந்த பிறகே மாதக் கணக்கை மூடுங்க.